மரகதத்தின் முகம்

என் நாவலில் வரும் மரகதம் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுபவள். வயது 55. வட்டிக்குப் பணம் கொடுத்து, கடைசியில் ஒரு குடும்பத்தையே தெருவுக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். இவளுக்கு ஊரில் நடமாடும் ஒருவரின் முகம் வாய்த்துவிட்டால், அவர் செய்யாத பாவமெல்லாம் அவர் தலையில் விழும். அதனால் பல முகங்களிலிருந்து எடுத்து, யாருடையதும் அல்லாத ஒரு முகத்தைச் செய்ய வேண்டியிருந்தது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொண்டேன். மீன் தொழிலில் இருக்கும் எவரிடமிருந்தும் ஒரு மயிரிழைகூட எடுப்பதில்லை. கதாபாத்திரத்தின் தொழிலே ஏற்கெனவே பாதி அடையாளம். மீதிப் பாதியை முகம் தந்துவிடக் கூடாது. ஆகவே வேறு வேறு வட்டங்களைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறியாத நான்கு பெண்களைத் தேர்ந்தேன்: தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பூ விற்பவர், பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், எங்கள் தெருவில் முன்பு குடியிருந்த ஆசிரியை.

புகைப்படம் எடுக்கவில்லை. அது அவர்களுக்குச் செய்யும் நியாயமும் அல்ல. எழுத்துக்கு அது தேவையும் இல்லை. பார்த்து வந்த பிறகு நினைவில் நின்றதை மட்டும் குறித்தேன். வாசகரும் மூன்று நான்கு கூறுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருக்க மாட்டார்.

பங்கிடும்போது அதிகக் கவனம் கொடுத்தது புருவத்துக்கு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலங்களின் படங்களில் கண்களை அழித்தபோது இருந்ததைவிட, புருவங்களை அழித்தபோதுதான் மக்கள் அவர்களை அடையாளம் காண அதிகம் தடுமாறினார்கள். எனவே கண்ணையும் புருவத்தையும் ஒரே ஆளிடமிருந்து எடுக்கவே இல்லை. வெளி ஓரத்தில் உதிர்ந்து தேய்ந்த புருவம் பூக்காரருடையது. உள்வாங்கிய சிறு கண்கள் பெரியம்மாவுடையவை. நுனி பரந்த மூக்கு பஸ்ஸில் கண்டது. இறுகிய கீழுதடு ஆசிரியையுடையது. பெரியம்மாவின் மேலுதட்டு மருவை எடுக்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஒற்றை மரு போதும், உறவினர்கள் அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். விட்டுவிட்டேன்.

இந்த நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் முகம் வரவில்லை, பட்டியல்தான் வந்தது. இங்கே எனக்கு உதவியது 1987-ல் உளவியலாளர் ஆண்ட்ரூ யங்கும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஒரு சோதனை. ஒரு பிரபலத்தின் முகத்து மேல்பாதியை இன்னொருவரின் கீழ்ப்பாதியோடு பொருத்தினால், மூன்றாவது ஆள் ஒருவர் தோன்றிவிடுகிறார். மேல்பாதி யாருடையது என்று சொல்வது கடினமாகிறது. பாதிகளைச் சற்று விலக்கி வைத்தால் சொல்வது எளிதாகிவிடுகிறது. எழுத்திலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது: கூறுகளைத் தனித்தனி வாக்கியங்களில் வைத்தால் ஒவ்வொன்றும் தன் உரியவரைக் காட்டிக்கொடுக்கும், ஒரே அசைவில் சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு மரகதத்தின் வாழ்க்கையையே பயன்படுத்தினேன். கடலூரில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. விடியற்காலையில் வந்து சேரும் படகுகளைப் பல ஆண்டுகளாக வெயிலுக்கு எதிரே பார்த்து நின்றவளுக்குக் கண்ணோரம் சுருங்கியிருக்கும், தேய்ந்த புருவம் கீழிறங்கியிருக்கும், பார்வை கூசும்போதெல்லாம் மூக்கு விரிந்து உதடு இறுகும். ஒரே வாக்கியத்தில் நான்கு பேரும் கரைந்து அவளானார்கள்.

அடுத்து அந்த அத்தியாயத்தை அக்காவிடம் கொடுத்தேன். பெரியம்மாவையும் ஆசிரியையையும் அவருக்கு நன்றாகத் தெரியும். "இது இன்னாரா?" என்று கேட்டால் நாமே பெயரை ஊட்டிவிடுவோம். அதனால், "படித்ததும் யார் நினைவுக்கு வருகிறார்கள், அக்கா?" என்று மட்டும் கேட்டேன். யோசிக்காமல் ஆசிரியையின் பெயரைச் சொன்னார்.

"உதட்டை வைத்தா?"

"உதடு யாருக்குத் தெரியும்? பேசுவதற்கு முன் முந்தானையால் வாயோரத்தைத் துடைக்கிறாளே, அது அவரேதான்."

முகத்தின் வடிவத்தைவிட அதன் பழக்கம் வலுவான அடையாளம். துடைப்பதை நீக்கிவிட்டு, கூடையின் எடையை மதிப்பிட ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கத்தை மரகதத்துக்குக் கொடுத்தேன். உதட்டைத் தொடவில்லை. மறுமுறை படித்த அக்கா தன் தோழியின் மாமியாரைச் சொன்னார். புதுச்சேரி நண்பர் வேறொருவரைச் சொன்னார். அந்த இருவரையும் நான் பார்த்ததே இல்லை. படிப்பவர்களின் விடைகள் இப்படிச் சிதறினால் முகம் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆளில் வந்து குவிந்தால் இன்னும் தேறவில்லை.

ஆனால் கலப்பது, நாம் எடுத்த நான்கு பேரைத்தான் காக்கும். தற்செயலாக ஒத்துப்போகும் ஐந்தாவது ஆளை அது காக்காது. அதற்காகத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் அண்ணன் ஒருவருக்கு அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அதே பரந்த மூக்கோடு, வட்டிக்கும் கொடுக்கும் ஒருவர் அங்கே உண்மையிலேயே இருப்பதாகச் சொன்னார். மரகதத்துக்கு இப்போது கூர்மையான, நுனி சற்றே வளைந்த மூக்கு.