அவசரப்பட்டு ப்ளொக் பண்ணி, 48 மணித்தியாலம் மாட்டிக்கொண்ட கதை

லிங்க்ட்இன்னில் ஒருவர் வளைகுடாவில் கணக்காளர் வேலை இருப்பதாகச் சொல்லி இணைந்தார். சீ.வி. கேட்டார், அனுப்பினேன். மூன்றாம் நாள் இரவு, "சாரியில ஒரு போட்டோ அனுப்புங்க, முதலாளிக்குப் பிடிக்கணும்" என்று எழுதினார். நான் பதில் போடவில்லை. அதைவிடக் கேவலமான இரண்டு வரிகள் வந்தன. போனைத் தூக்கி எறிந்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து எடுத்து, எதையும் பார்க்காமல் Block அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கல்லடியில் மச்சாளிடம் சொன்னேன். "ரிப்போர்ட் அடிச்சியா? மறுகா வேற பிள்ளைகளுக்கும் இதைத்தான் எழுதுவான்" என்றாள். உரையாடலைத் திறந்தால் அந்த இரண்டு வரியும் காணவில்லை. அனுப்பியவர் 60 நிமிடத்துக்குள் தன் செய்தியை அழித்துவிடலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் Block அழுத்துவதற்குள் ஆள் வேலையை முடித்துவிட்டான்.

அப்படியே பொலிஸுக்கும் போனேன். "அந்த மெசேஜ் எங்க? ஆளின்ட லிங்க் எங்க?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. வெயிலில் வெறுங்கையோடு திரும்பினேன்.

லிங்க் என்றது புரொஃபைல் முகவரி, linkedin.com/in/ என்று தொடங்குவது. பெயரையும் படத்தையும் மட்டும் எடுத்து வைத்தால் அவற்றை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். ப்ளொக் பண்ணியிருந்ததால் எனக்கு அவனுடைய பக்கம் திறக்கவில்லை. சரி, ப்ளொக்கை எடுத்து லிங்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பப் போடலாம் என்று நினைத்தேன். போட விடவில்லை. ஒருவரை ஒருமுறை விடுவித்தால், 48 மணித்தியாலம் அதே ஆளை மீண்டும் ப்ளொக் பண்ண முடியாதாம்.

பழைய இணைப்பு திரும்பி வராது என்பது ஒரு ஆறுதல். ஆனால் அவனிடம் காசு கட்டிய கணக்கு இருந்திருக்கிறது. இணைப்பில் இல்லாதவர்களுக்கும் எழுதலாம் என்கிற இன்மெயில் வழியாக அடுத்த நாளே வந்தான்: "கோபமா செல்லம்?"

இந்த முறை போனை எறியவில்லை. முதலில் நேரமும் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பிறகு ஒரே ஒரு பதில்: "நான் வேலைக்காகத்தான் தொடர்புகொண்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்." திட்டவில்லை, காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எழுதினான். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அதையும் எடுத்துவிட்டு, உரையாடலின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Report கொடுத்தேன். யார் முறையிட்டது என்று அவனுக்குச் சொல்லமாட்டார்கள். 48 மணித்தியாலம் முடிந்த நிமிடமே Block.

சில நாளில், அவன் எழுதியது விதிமீறல்தான் என்று அறிவித்தல் வந்தது. மச்சாளுக்கு அனுப்பினேன், கைதட்டும் பொம்மை ஒன்று போட்டாள்.

சீ.வி.யில் இருந்த போன் நம்பர் மட்டும் இன்னும் அவனிடம்தான். இப்போது நான் அனுப்பும் சீ.வி.யில் மின்னஞ்சல் மட்டும்தான் இருக்கிறது.