412, 413

மார்ச் 3

பிரெஞ்சுப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில். அளவுத் தாள் வந்தாயிற்று. வரிக்கு 42, இரண்டு வரிக்கு மேல் கூடாது, நொடிக்கு 20 எழுத்து. ஒரு சப்டைட்டில் குறைந்தது 20 ஃபிரேம் நிற்க வேண்டும், 7 நொடியைத் தாண்டக் கூடாது. அடுத்ததற்கு முன் 2 ஃபிரேம் இடைவெளி. படம் நொடிக்கு 24 ஃபிரேம்.

வரிக்கு 42 எழுத்தாம். எதை எழுத்து என்று எண்ணுகிறார்கள் என்று தாளில் இல்லை. பிரெஞ்சுக்கு இந்தக் கேள்வியே எழாது. தமிழில் முதல் வேலையே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். கேட்டு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 4

பதில் வந்தது: மென்பொருள் காட்டும் எண்தான் கணக்கு. அப்படியென்றால் யூனிகோடு குறிகள். கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரிவது அங்கே எட்டு.

```python
import regex
s = "கூப்பிடல"
print(len(s))                        # 8
print(len(regex.findall(r"\X", s)))  # 5
```

புள்ளி தனியாக ஒன்று, கூ-வின் ஊகாரக் குறி தனியாக ஒன்று, பி-யின் இகரக் குறி தனியாக ஒன்று. புள்ளி திரையில் இடமே பிடிப்பதில்லை, ஆனாலும் எண்ணிக்கையில் உட்காருகிறது. ஒகர ஓகாரக் குறிகள் நேர்மாறு: எண்ணிக்கையில் ஒன்று, திரையில் எழுத்துக்கு முன்னும் பின்னும் இடம் பிடிக்கும். ஆகவே 42-க்குள் அடங்கிய வரி திரையிலும் அடங்கும் என்று நம்ப முடியாது. கொ, தோ, யோ நிறைந்த வரிகளை உண்மையான எழுத்துருவில் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அதே எண்ணிக்கையில் புள்ளி நிறைந்த வரி பாதித் திரையிலேயே முடிந்துவிடுகிறது.

மார்ச் 5

பிரெஞ்சு வசனப் பட்டியலின் நேரங்கள் படத்தோடு ஒட்டவில்லை. தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, பத்தாவது நிமிடத்தில் 25 நொடி தள்ளிப்போகிறது. தள்ளல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் முன்னால் ஏதோ சேர்ந்திருக்கிறது, அல்லது வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். இப்படிப் போகப் போக வளர்ந்தால் ஃபிரேம் வேகம் வேறு. பட்டியல் 25 ஃபிரேமில் ஓடிய தொலைக்காட்சிப் பிரதியைப் பார்த்து எழுதப்பட்டது. எல்லா நேரத்தையும் 25/24 ஆல் பெருக்கியதும் உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 6

412-ஆம் சப்டைட்டில்.

மார்ச் 7

இன்று முழுக்க இந்த ஒரு இடம்தான். சமையலறை. அம்மா மகனிடம் சொல்கிறாள், தான் அவனைக் கூப்பிடவில்லை, பயமாக இருந்தது என்று. அங்கே ஒரு கட், மகனின் முகம். ஒரு கணம் கழித்து அவள் குரல் மட்டும்: ‘க து வியென்’. அவன் வந்துவிடுவானோ என்று! வராமல் போவானோ என்று பயந்தாள் என அவனும் நினைக்கிறான், பார்க்கிற நாமும் நினைக்கிறோம். இந்தக் காட்சிக்கு உயிரே அந்தக் கடைசி மூன்று அசைதான்.

தமிழில் இயல்பாக வருவது ‘நீ வந்துடுவியோன்னு பயந்துதான் கூப்பிடல’. நல்ல வாக்கியம், இந்த இடத்துக்கு ஆகாது. பிரெஞ்சு கடைசியில் வைத்ததை நாம் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறோம். அம்மா வாயைத் திறக்கும்போதே திரையில் எல்லாம் வந்துவிடும், மகனின் முகத்தில் பார்க்க எதுவும் மிஞ்சாது.

பேச்சுத் தமிழ் இதற்கு வழி விட்டிருக்கிறது. வினையை முதலில் சொல்லிவிட்டு ‘ன்னு’ பகுதியைப் பின்னால் ஒட்டுவது நாம் தினமும் பேசுவதுதான். ‘உன்னைக் கூப்பிடல. பயமா இருந்துச்சு…’, பிறகு ‘நீ வந்துடுவியோன்னு.’ வரிசை பிரெஞ்சோடு அப்படியே பொருந்துகிறது.

முதல் பாதிக்கு இருப்பது 38 ஃபிரேம், ஒன்றரை நொடிக்குக் கொஞ்சம் மேல். நொடிக்கு 20 என்றால் 31 வரை போகலாம். மேலே உள்ளது 35. ‘உன்னைக்’ என்பதை எடுத்தால் 27 ஆகும், ஆனால் ‘கூப்பிடல’ யார் கூப்பிடாததென்று காட்டாது. நீ கூப்பிடவில்லை என்று மகனைக் குறை சொல்வது போலவும் படிக்கலாம். ‘பயமா இருந்துச்சு’ என்பதும் ஆளைக் காட்டாததால் அதுவும் கைகொடுக்காது. ‘உன்னைக்’ இருக்கட்டும், ‘பயந்தேன்’ என்று மாற்றினால் ஆள் தெளிவு, எண்ணிக்கையும் 27.

இரண்டாவது 19. அம்மா பேசுவது அரை நொடிக்குச் சற்று மேல், அதற்குள் 19 அடங்காது. ஆனால் அதற்குப் பிறகு மௌனம், கேமரா மகன் முகத்திலேயே நிற்கிறது. அதனால் முடிவைப் பின்னால் தள்ளி ஒன்றரை நொடி கொடுத்தாயிற்று. தொடக்கத்தை மட்டும் ஒரு ஃபிரேம்கூட முன்னால் இழுக்கக் கூடாது.

```
412
00:41:07,000 --> 00:41:08,583
உன்னைக் கூப்பிடல. பயந்தேன்…

413
00:41:09,250 --> 00:41:10,750
நீ வந்துடுவியோன்னு.
```

கட் 08,667-இல். 412 அதற்கு 2 ஃபிரேம் முன்பே இறங்கிவிடுகிறது.

மார்ச் 8

மாமியார் மருமகளிடம் ‘வூ’ போட்டுத்தான் பேசுகிறாள். நீங்க. ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் மூன்று குறி போகிறது. போகட்டும், இதில் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

மார்ச் 10

‘கூப்பிடவில்லை’ 13, ‘கூப்பிடல’ 8. இந்தக் கணக்கைப் பார்த்தால் பேச்சு நடையே லாபம் என்று தோன்றும். முழுக்க உண்மையில்லை. ‘வந்துடுவியோன்னு’ போன்ற சொல்லைக் கண் அச்சில் அடிக்கடி பார்த்ததில்லை, மனதுக்குள் ஒலித்துப் பார்த்துத்தான் பிடிபடும். அதனால் பேச்சு நடை வரிகளை 20 வரை நிரப்பாமல் 17 அருகே நிறுத்துகிறேன். 412 இப்போது நொடிக்கு 17. 413-க்கு 13 கூட இல்லை. நிம்மதி.

படத்தில் வாசிக்கப்படும் கடிதமும் வானொலிச் செய்தியும் எழுத்து நடையிலேயே இருக்கும். பிரெஞ்சிலும் அங்கே ‘நெ’ என்ற எதிர்மறைச் சொல் விழுங்கப்படாமல் முழுதாக ஒலிக்கிறது, சமையலறையில் அது காணாமல் போகிறது. அந்த வித்தியாசம் நம்மிடம் இயல்பாகவே இருக்கிறது.

இரண்டு வரி வரும் இடங்களில் பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்காதே: ‘நேத்து வந்த’ மேல் வரியில், ‘ஆளு’ கீழ் வரியில் என்று விழுந்தால் கண் திரும்ப மேலே போகும். மேல் வரி குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

மார்ச் 12

சரிபார்க்கும் இடத்தில் 413 இருபது என்று காட்டுகிறதாம், இங்கே 19. அதே வரி, கண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லை. ‘யோ’தான் காரணம். ஓகாரக் குறியை U+0BCB என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், U+0BC7, U+0BBE என்று இரட்டைக் கொம்பும் காலுமாகவும் வைக்கலாம். வழியில் ஏதோ ஒரு மென்பொருள் அதை உடைத்திருக்கிறது. 413-க்கு இதனால் பாதிப்பில்லை, ஆனால் 42-இல் முட்டி நிற்கும் ஓகார வரிகள் எல்லாம் பிழைப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. கோப்பை அனுப்பும் முன், உடைந்த குறிகளைத் திரும்ப ஒன்றாக்க:

```python
import unicodedata
t = unicodedata.normalize("NFC", t)
```

ஓடவிட்டதும் ஓகார வரிகள் பட்டியலிலிருந்து போய்விட்டன.

மார்ச் 13

காத்திருப்பு.

மார்ச் 15

குறிப்புகள் வந்தன. ‘412, 413 இரண்டும் ஒரே வாக்கியம், சேர்த்துவிடலாமே?’ எண்ணிக்கையில் இடம் இருக்கிறது, உண்மைதான். சேர்த்தால் கட்டைத் தாண்டி நிற்கும், மகன் கேட்பதற்கு முன்பே நாம் படித்துவிடுவோம். காட்சியை ஒலியோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பதில் எழுதினேன்.

மார்ச் 16

சேர்க்கவில்லை, ஒப்புக்கொண்டார்கள். ஆனால் திரும்பி வந்த கோப்பில் 413-இன் தொடக்கம் 08,667! கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தொடக்கங்களைக் கட்டிலேயே ஒட்டவைக்கும் வசதியை 15 ஃபிரேமுக்கு வைத்து மொத்தமாக ஓட்டியிருக்கிறார்கள். 413 கட்டிலிருந்து 14 ஃபிரேம், அதனால் மாட்டிக்கொண்டது. முகம் வந்தவுடனே எழுத்தும் வந்து நிற்கிறது, குரல் அரை நொடிக்கு மேல் பின்னால். 09,250-க்குத் திருப்பினேன். கட்டுக்குப் பிறகு குரல் மட்டும் வரும் வேறு இடங்களிலும் இதே நடந்திருக்கும், இரண்டு கோப்பையும் தொடக்க நேரம் மட்டும் வைத்து ஒப்பிட வேண்டும். 96, 230, 231 இப்போதே தெரிகின்றன.