பன்னிரண்டைத் தின்ற வடிகட்டி

சிறுவர்களுக்கான சொல்விளையாட்டுச் செயலி ஒன்றுக்காகப் பாம்பனில் என் வீட்டிலிருந்தே ஒரு பெரிய சொற்பட்டியலைச் சுத்தம் செய்தேன். வரிக்கு ஒரு சொல். வசைச்சொற்கள் தனிக் கோப்பில் இருந்தன. ஒரு சொல்லுக்குள் வசை எங்கே தென்பட்டாலும் அதைத் தூக்கிவிடுவது முதல் முறை. நீக்கியவற்றை அழிக்காமல் இன்னொரு கோப்பில் சேர்த்துவைத்தேன். அதை வாசித்தால்தான் வடிகட்டியின் குணம் தெரியும்.

வாசித்தால், ‘பன்னி’யால் பன்னிரண்டு போயிருந்தது. எண் கற்கும் பிள்ளைக்குப் பதினொன்றுக்கு அடுத்து பதின்மூன்று! ‘பீ’யால் பீர்க்கங்காயும் கம்பீரமும் போயிருந்தன.

“முழுச் சொல்லா மட்டும் தேடுங்கண்ணே, \b போட்டாப் போதும்” என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. ஆங்கிலத்துக்கு அது சரி. பைத்தானில் தமிழுக்குப் போட்டுப் பார்த்தோம்:

```python
re.search(r"\bபீ\b", "கம்பீரம்")  # சிக்கியது
re.search(r"\bபீ\b", "பீ")        # None
```

நல்ல சொல் மாட்டுகிறது, வசை தப்பிவிடுகிறது. பைத்தானின் re தொகுதி புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதனால் ‘ம்’முக்குப் பிறகும் ‘பீ’க்குப் பிறகும் சொல் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. தனியாக நிற்கும் ‘பீ’யின் கடைசியிலோ குறிதான் இருக்கிறது, அங்கே அதற்கு எல்லையே தெரிவதில்லை.

வரிக்கு ஒரு சொல்தானே, முழு வரியையும் ஒப்பிட்டாலே போதும். ஆனால் அப்போது ‘நாயே’ தப்பிவிடும். ‘நாய்’ என்பதன் புள்ளி போய் ஏகாரக் குறி வந்துவிடுகிறது. புள்ளியை வெட்டி ‘நாய’ என்று தேடினால் நாயகனும் நாயன்மாரும் சிக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு வசைக்கும் வேற்றுமை, விளி வடிவங்களை நிரலாலேயே உண்டாக்கி, அவற்றோடு முழு வரியை ஒப்பிட்டோம். ‘நாய்’ விலங்கு, அது இருக்கட்டும். ‘நாயே’ மட்டும் போகட்டும் என்பது என் முடிவு.

மிச்சத்தை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த எதிர்வீட்டு மதினியிடம் நீக்கிய பட்டியலைக் காட்டினேன்.

“சொறியை ஏன் தம்பி எடுத்தீக? வலையில சொறி ஏறுனா கை தடிச்சுப்போகும்ல, கடக்கரைப் பிள்ளைகளுக்குத் தெரிய வேணாமா?”

அவர் சொன்னது சொறிமீனை. படத்தோடு வரும் கடல் உயிர்கள் பகுதியில் அதைத் திரும்பச் சேர்த்தேன். தனிச்சொல்லாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. விளையாட்டில் எழுத்துக் கட்டங்களின் காலியிடங்களைக் கணினி கண்டபடி நிரப்பும். பட்டியலில் இல்லாத வசை அங்கே தானாகவே அமைந்துவிடலாம். அதனால் வசைக்கோப்பைச் செயலிக்குள்ளும் வைத்தோம். கட்டம் நிரம்பியதும் குறுக்கே, நெடுக்கே, மூலைவாட்டில், தலைகீழாகவும் தேடி, நிரப்பிய எழுத்தோடு சேர்ந்து ஏதாவது அகப்பட்டால் காலியிடங்களை மறுபடி நிரப்பும். அங்கே மட்டும் நிரலை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒப்பிட வைத்தோம். ‘பீ’ கட்டத்தில் ஒரே எழுத்து, கணினிக்குள் இரண்டு குறியீடு.