குணமான பிறகு விலகிப்போனவர்

துன்பத்தில் உடன் நிற்பவரே உண்மையானவர் என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக நீண்ட காலம் வேலை பார்த்துவிட்டேன். அந்த அளவுகோல் பாதியைத்தான் அளக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். துன்பம் தீர்ந்த பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்த நேரத்தில் எனக்கு நுரையீரல் காசநோய் இருப்பது சளிப் பரிசோதனையில் உறுதியானது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகைதான். ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அதன் பின் நான்கு மாதம் மூன்று. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகளை விழுங்கினால் முற்பகல் முழுவதும் குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் வாரத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அதைக் கண்டே பாதி உயிர் போய்விடும். மருத்துவ விடுப்பு முடிந்து, இனி பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் பள்ளிக்குத் திரும்பினேன். ஆனாலும் ஆசிரியர் அறையில் என் டம்ளர் தனியாக வைக்கப்பட்டிருந்தது. காசநோய் காற்றில் பரவுவது, டம்ளரில் பரவுவதில்லை என்பதை அறிவியல் கற்பிப்பவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

மறக்காதவர் வேதியியல் ஆசிரியை. என்னைவிட மூத்தவர். என் விடுப்பின்போது தம் வகுப்புகள் முடிந்தபின் என் மாணவர்களை இயற்பியல் ஆய்வகத்தில் உட்காரவைத்து, நிறமாலைமானியில் அளவீடு எடுக்கப் பழக்கினார். ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினார். முட்டையும் சுண்டலும் டப்பாவில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரவு எட்டு மணிக்குத் தவறாமல் தொலைபேசி வரும்: “காய்ச்சல் இருக்கிறதாம்மா? சாப்பிட்டாயா?” நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று எல்லோரும் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்து, தம் குழம்பை என் தட்டில் ஊற்றினார். அந்த ஒரு செயல் அறையின் பயத்தைக் கலைத்தது. அதற்கு நான் பட்ட கடன் தீராதது. இதற்குமேல் எழுதுவது எதுவும் அதைக் குறைத்துவிடக் கூடாது.

இரண்டு மாத முடிவில் மறுபடி சளிப் பரிசோதனை செய்வார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. காகிதத்தை முதலில் அவரிடம்தான் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “கிருமி இல்லை என்பதற்காக மெத்தனமாக இருந்துவிடாதே. என் பெரியப்பாவுக்குத் திரும்ப வந்துவிட்டது.” மருத்துவப்படி சரியான எச்சரிக்கைதான். மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு நோய் மீண்டும் வருவதும், மருந்துக்கு அடங்காத வகையாக மாறுவதும் உண்மை. ஆனால் அந்தக் காகிதம் என் கையில் இருந்த நிமிடத்தில் அவர் முகத்தில் மகிழ்ச்சியின் சாயல் இல்லை.

அதன் பிறகு எட்டு மணி அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது, பிறகு நின்றது. பொங்கல் விடுமுறைக்குப் பின் மதிய உணவுக்கு அவர் என் மேசைக்கு வரவில்லை. பள்ளி அலுவலக இளநிலை உதவியாளரின் தாயார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். டப்பா இப்போது அங்கே போனது. நானாகப் போய்ப் பேசினால் “உடம்பு எப்படி?” என்பார். நன்றாக இருக்கிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கொஞ்சம் தலைவலி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார்.

இங்கே அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஒருவருக்காகத் தம் நேரத்தை வாரிக் கொடுத்தவர் அவர் தேறியதும் தம் வீட்டையும் வேலையையும் பார்க்கத் திரும்புவது இயல்பு. அவசரம் அதிகமாக உள்ள இடத்துக்கு உதவி நகர்வதும் நியாயம். அப்படி விலகுகிறவர்கள் நம்மை அடிக்கடி பார்க்காமல் போகலாம். பார்க்கும்போது முகம் மலரும். நம் சாதாரண நாளைப் பற்றியும் கேட்பார்கள், தங்கள் சாதாரண நாளைப் பற்றியும் சொல்வார்கள். நான் பேசுவது வேறு வகை. அதில் பேச்சு எங்கே தொடங்கினாலும் நோய்க்கே திரும்பும். நம் நல்ல செய்தி அவரிடம் போய்ச் சேராது.

மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வந்தபோது இது ஐயமின்றித் தெரிந்தது. என் மாணவி ஒருத்தி இயற்பியலில் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தாள். அந்த நோயோடும் மாத்திரையோடும் நடத்திய பாடத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அது. வேதியியல் ஆசிரியையிடம் சொன்னேன். “இப்படி உழைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடு” என்றார். அதே செய்தியைக் கேட்ட கணித ஆசிரியர், எந்த மாணவி, அலை ஒளியியல் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தவளா, கடைசி மாதத்தில் அவளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கால் மணி நேரம் நின்றபடியே பேசினோம்.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிள் ஆராய்ந்திருக்கிறார். நம் நல்ல செய்தியைக் கேட்பவர் நான்கு விதமாக நடந்துகொள்ளலாம் என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் வகுத்தார்கள். ஆர்வத்தோடு மேலும் கேட்பது, அமைதியாக மகிழ்வது, காதில் வாங்காமல் வேறு பேசுவது, அந்தச் செய்தியிலேயே ஒரு கெடுதலைக் கண்டுபிடித்துச் சொல்வது. 2006-இல் காதல் இணையர்களிடம் செய்த ஆய்வில், கெட்ட செய்திக்குத் துணை எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட நல்ல செய்திக்கு எப்படி நடந்துகொண்டார் என்பதே உறவின் நலத்தை நன்றாகக் காட்டியது என்று கண்டார்கள். இணையர்களிடம் கண்டதை அப்படியே ஆசிரியர் அறைக்குப் பொருத்திவிட முடியாது. ஆயினும் அந்த நான்கு விதங்களில் கடைசியானதை நான் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன்.

ஏன் ஒருவர் இப்படி ஆகிறார்? அவரே ஒரு நாள் விடைத்தாள் திருத்தும்போது சொன்னது எனக்கு வழிகாட்டியது. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில்தான் வீட்டில் தம் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்றார். “யாராவது நான் வேண்டும் என்றால்தான் காலையில் எழவே தோன்றுகிறது” என்றார். நெருக்கடியில் உதவுகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும்; நன்றியும் உடனுக்குடன் வரும். இன்னொன்றும் உண்டு. நோயாளி தம்மைக் கவனிப்பவரிடம் “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பதில்லை. தேறியவர் கேட்பார். நான் கேட்கத் தொடங்கினேன். அவருடைய மகன் வீட்டோடு பேசுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் நான் மெல்லப் போனபோதெல்லாம் எழுந்து ஆய்வகத்துக்குப் போய்விடுவார். கொடுப்பவராக இருக்கும்வரை யாரும் அவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அவருக்கு என் நோய் தந்த பாதுகாப்பை என் நலம் பறித்துவிட்டது என்று நினைக்கிறேன். இது தெரிந்தபின் என் வருத்தம் தீரவில்லை. ஆனால் வேறு வருத்தமாக மாறியது.

இத்தகைய அன்பு பெறுபவருக்கு என்ன செய்யும் என்பதை ஆங்கில ஆசிரியையிடம் பார்த்தேன். சின்னப் பெண். கணவர் பைக் விபத்தில் காலை முறித்துக்கொண்டபோது வேதியியல் ஆசிரியை அவளைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டார். கணவர் நடக்கத் தொடங்கியதும் வழக்கம்போல விலகினார். அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. மாமியாரின் சிறு முணுமுணுப்பும் பெரிய சண்டையாக அவள் வாயில் வளர்ந்தது. சாதாரணச் சளிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமோ என்று அழுதாள். ஒவ்வொரு முறையும் மூத்தவர் திரும்பி வந்தார், ஒவ்வொரு முறையும் இன்னும் சீக்கிரம் போனார். நடுவில் தற்செயல் விடுப்பு தீர்ந்தது. உண்மையிலேயே குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்று தலைமை ஆசிரியர் அவளை நம்பவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. காயம் இருந்தால்தான் கவனிப்பு வரும் என்பதைப் பழக்கம் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. இவ்வகை உறவில் எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். நம் நலத்தை நாமே ஒளித்து வைக்கத் தொடங்கிவிடுவோம்.

கணித ஆசிரியரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் திரும்பிய பிறகு கால அட்டவணையில் என் முதல் பாடவேளை எப்போதும் காலியாகவே இருந்தது. தற்செயல் என்று நினைத்திருந்தேன். மாத்திரைக் குமட்டல் அடங்கும்வரை எனக்கு வகுப்பு வரக் கூடாது என்று அவர் தம்முடைய காலிப் பாடவேளைகளை மாற்றிக் கொடுத்திருந்தார் என்பதை அடுத்த கல்வியாண்டில் பழைய அட்டவணையைப் புரட்டும்போதுதான் கண்டேன். நோய்க்காலத்தில் அவர் ஒரு முறைகூட வீட்டுக்கு வந்ததில்லை. உளவியலாளர் நயல் போல்கரும் இன்னும் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தனித்தனியாக நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். துணை உதவியதாக எழுதியிருந்தும் படித்தவர் அதைக் கவனிக்காமலே போன உதவிதான் மனச்சுமை குறைவதோடு அதிகம் சேர்ந்து வந்தது. பெறுபவருக்குத் தாம் தாழ்ந்துவிட்டோம் என்ற எண்ணம் வராததும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் தேறியபோது கணித ஆசிரியரிடம் எதுவும் மாறாததன் காரணம் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது. முன்பும் எங்களுக்குள் மேல் கீழ் இருக்கவில்லை.

வேதியியல் ஆசிரியையிடம் நான் கணக்குக் கேட்கவில்லை. ஏன் விலகினீர்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கு அது நன்றிகெட்டதனமாகவே பட்டிருக்கும். என் மகிழ்ச்சிகளை அவரிடம் கொண்டுபோவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன், பலகாரம் கொடுக்கிறேன், ஆய்வகத்து அமில பாட்டில்களைப் பற்றிப் பேசுகிறோம். உடம்பு எப்படி என்றால் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன், தலைவலி இருந்தாலும்.

இந்த ஆண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த தற்காலிக ஆசிரியை ஒருவருக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வெளியூர்ப் பெண், துணைக்கு ஆள் இல்லை. யாரைக் கேட்பது என்று என்னிடம் வந்தாள். தயங்காமல் வேதியியல் ஆசிரியையின் பெயரைச் சொன்னேன். “ஆஸ்பத்திரியில் அவரைவிட நல்ல துணை உனக்கு இந்த ஊரில் கிடைக்காது. முழு மனதோடு ஏற்றுக்கொள். தையல் பிரித்த பிறகு அவர் வருவது குறையும். நீ ஏதோ தவறு செய்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்போது எங்கள் மேசைக்கு வந்து சாப்பிடு” என்றேன். அவள் அன்று மாலையே அவரிடம் போய்ப் பேசினாள். எட்டு மணிக்கு அவளுக்குத் தொலைபேசி வந்ததாம்.