சிவப்பு ஒயரில் வந்த நியூட்ரல்

வில்லிவாக்கத்தில் ஒரு பழைய வீடு. ஹாலில் இருந்த மரப்பெட்டி போர்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டும் வேலை. நான்கு சுவிட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், ஒரு ஃபைவ் பின் சாக்கெட். அண்ணன் முழு போர்டையும் என்னிடம் விட்டது அன்றுதான் முதல் தடவை.

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆரம்பித்தேன். பைப்பிலிருந்து சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக லைன் வந்தது. சிவப்பை ஃபேஸ் என்று எடுத்துக்கொண்டு எல்லா சுவிட்சுக்கும் லூப் கொடுத்தேன். கறுப்பை லைட், ஃபேன் நியூட்ரல்களோடு முறுக்கி, சாக்கெட்டின் இடது பக்கத்துக்கும் ஒன்று இழுத்தேன். மெயினைப் போட்டதும் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. எனக்கு ஒரே பெருமை.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டெஸ்டரை சாக்கெட்டின் வலது ஓட்டையில் வைத்தார். எரியவில்லை. இடதில் வைத்தார், எரிந்தது.

"ஃபேஸ் எந்தப் பக்கம்டா வரணும்?"

"வலது பக்கம்ணே."

"சரி, லைட்டை ஆஃப் பண்ணு. பல்பைக் கழட்டிட்டு ஹோல்டர்ல வெச்சுப் பாரு."

சுவிட்ச் ஆஃபில் இருந்தும் ஹோல்டரின் ஒரு பின்னில் டெஸ்டர் எரிந்தது. சுவிட்ச் வெட்டியது நியூட்ரலை. ஃபேஸ் நேராக ஹோல்டர் வரை போய் நின்றது. ஏசி கரண்ட் என்பதால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இதில் வித்தியாசமே தெரியாது. ஆஃப் செய்துவிட்டோமே என்று நம்பி பல்பு மாற்றுகிறவர் கைக்குத்தான் தெரியும்.

"உன் வயரிங்ல தப்பில்லடா. முறுக்கெல்லாம் நல்லா டைட்டா இருக்கு. கலரைப் பாத்து முடிவு பண்ணிட்ட, அவ்ளோதான். பழைய வீட்ல ஒயரை வெளிய இழுத்ததும், எதையும் சேக்காம, ஒரு தடவை மெயினைப் போட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்துடு. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு வேலைய ஆரம்பி."

லோடு சேர்ந்திருக்கும்போது பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்றும் சொன்னார். அறுந்த நியூட்ரலில்கூட பல்பு வழியாக ஃபேஸ் வந்து டெஸ்டரை எரிய வைக்குமாம்.

போர்டிலேயே இரண்டையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவர் ஏணியைப் போட்டு, கதவுக்கு மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். அங்கேதான் யாரோ முன்னாடி நிறம் மாற்றிச் சேர்த்திருந்தார்கள். சமையலறை போர்டுக்கும் அதே ஜாயின்ட்தான். மெயினை ஆஃப் செய்துவிட்டு அதைப் பிரித்து, சரியாகச் சேர்த்து டேப் சுற்றினேன். இப்போது வலது ஓட்டையில் எரிந்தது. சுவிட்சை ஆஃப் செய்தால் ஹோல்டரின் இரண்டு பின்னிலும் எரியவில்லை.

வீட்டம்மாவிடம் அண்ணன் கேட்டார்: "ஏம்மா, கிச்சன்ல எல்இடி பல்பு ஆஃப் பண்ண அப்புறமும் லேசா மினுங்குமா?"

"ஆமாப்பா, ராத்திரில. பல்புதான் மட்டம்னு ரெண்டு வாட்டி மாத்திட்டேன்."

"அங்கயும் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஃபேஸ் பல்பு வரைக்கும் போயிட்டு இருந்தது, அதான் மினுங்கிருக்கும். இன்னிக்கு ராத்திரி பாத்துட்டு சொல்லும்மா. சுவிட்ச்ல இண்டிகேட்டர் இருந்தாலும் அப்படி மினுங்கும், ஆனா உங்க சுவிட்ச்ல அது இல்ல."