619 என்று காட்டிய பயணத்துக்கு 700க்கு மேல் எப்படி வந்தது?

பெருங்களத்தூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒரு கார் பிடித்தேன். மழை பெய்த வெள்ளிக்கிழமை மாலை. புறவழிச் சாலையில் 22 கிலோமீட்டர், 50 நிமிடம். பயணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. குறையெல்லாம் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும்தான்.

முதலில் வேறொரு காரைத்தான் பதிவு செய்திருந்தேன். மணி 7.05, செயலி காட்டிய கட்டணம் 442 ரூபாய். ஓட்டுநர் அழைத்து, “எங்கே இறங்க வேண்டும் மேடம்? ரொக்கமா, ஆன்லைனா?” என்று கேட்டார். ஆன்லைன் என்றேன். “சரி, வருகிறேன்” என்றார். வரைபடத்தில் அவருடைய கார் பத்து நிமிடமாக ஒரே இடத்தில் நின்றது. பிறகு அவரே அழைத்து, “வண்டியில் கொஞ்சம் பிரச்சினை, நீங்களே ரத்து செய்துவிடுங்கள்” என்றார். நானும் செய்தேன். காரணம் கேட்டு செயலி ஒரு பட்டியலை நீட்டியது. அவசரத்தில் மேலே இருந்த ‘என் திட்டம் மாறிவிட்டது’ என்பதைத் தொட்டுவிட்டேன். இந்த ஒரு தொடுதல் பின்னால் எவ்வளவு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

7.20க்கு மறுபடி தேடியபோது அதே தூரத்துக்கு 619 ரூபாய். வேறு வழியில்லாமல் பதிவு செய்தேன். இறங்கியதும் கைப்பேசியில் வந்த தொகை, சுங்கம் நீங்கலாகவே 706 ரூபாய் 67 காசு.

செயலியில் தெரியும் சுருக்கத்தை நம்பாதீர்கள். மின்னஞ்சலில் வரும் ரசீதைத் திறந்தால்தான் ஒவ்வொரு தொகையும் தனித்தனியாகத் தெரியும். என்னுடையதில் அடிப்படைக் கட்டணம் 60, தூரத்துக்கு 286, நேரத்துக்கு 75 என மூன்றும் சேர்ந்து 421. அதன் கீழே ‘தேவை அதிகரிப்பு’ 168.40. எத்தனை மடங்கு என்று எங்கும் அச்சிடவில்லை. நாமே வகுத்துப் பார்க்க வேண்டும்: 168.40ஐ 421ஆல் வகுத்தால் 0.4. அதாவது 1.4 மடங்கு. 421ஐ 1.4ஆல் பெருக்கி 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 618.87, செயலி காட்டிய அதே 619. ஆகவே இந்தப் பகுதியில் ஏமாற்று எதுவுமில்லை. காரில் ஏறும்போது மழை விட்டிருந்தது, அப்புறம் ஏன் கூடுதல் என்று நான் முதலில் சண்டைக்குப் போனது தவறு. பதிவு செய்த நொடியில் இருந்த மடங்குதான் என் ரசீதில் உறைந்து நிற்கிறது. ஏறும் நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மாநில அரசு நிர்ணயிக்கும் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்க இடம் தருகின்றன; 2020ஆம் ஆண்டு நெறிகளில் அது ஒன்றரை மடங்காக இருந்தது. மாநில அரசு ஏற்று அறிவித்தால்தான் இவை நடைமுறைக்கு வரும் என்பதால், நான் இதை வைத்து வாதாடப் போகவில்லை. மடங்கை மட்டும் பார்த்தால் 1.4 என்பது இரண்டு வரம்புக்கும் உள்ளேதான்.

ரசீதில் மிச்சம் இருப்பது மூன்று தொகைகள்: காத்திருப்பு, சுங்கம், ரத்துக் கட்டணம்.

காத்திருப்பு 12 நிமிடம், நிமிடத்துக்கு 3 ரூபாய், ஆக 36. ஜிஎஸ்டியோடு 37.80. காரைக் கண்டதும் ஓடிப்போய் ஏறியவள் நான்! பிறகுதான் புரிந்தது. ஓட்டுநர் நான் நின்ற ஜிஎஸ்டி நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் என்னைக் கடந்தபோதே ‘வந்துவிட்டேன்’ பொத்தானை அழுத்தியிருக்கிறார். செயலிக்கு நடுவில் உள்ள தடுப்புச் சுவர் தெரியாது, தூரம் மட்டுமே தெரியும். அவர் போய்த் திரும்பி என் பக்கம் வருவதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ‘ஓட்டுநர் வந்துவிட்டார்’ என்ற அறிவிப்பு 7.35க்கு, பயணம் தொடங்கியது 7.50க்கு. இலவசமான 3 நிமிடம் போக 12. என் நல்ல நேரம், 7.42க்கு அவர் என்னை அழைத்து, “திரும்பிக்கொண்டிருக்கிறேன், அங்கேயே நில்லுங்கள்” என்று சொல்லியிருந்தார். அந்த அழைப்பின் பதிவு கைப்பேசியில் இருந்தது.

ரத்துக் கட்டணம் 50 ரூபாய், ‘முந்தைய நிலுவை’ என்ற பெயரில் ரசீதின் அடியில் ஒளிந்திருந்தது. இந்தப் பயணத்துக்கும் இந்த ஓட்டுநருக்கும் அதில் பங்கே இல்லை. வராத முதல் காருக்கான தண்டம் இரண்டாவது காரின் ரசீதில் ஏறியிருக்கிறது. ரசீதைப் பார்த்து இந்த ஓட்டுநரிடம் கேட்டிருந்தால் பாவம், அவர் விழித்திருப்பார்.

சுங்கத்தில் தவறு முழுக்க என்னுடையது. வானகரம் சாவடியை நெருங்கியபோது, “டோலுக்குக் கொடுத்துவிடுங்கள் மேடம்” என்றார், ரொக்கமாகக் கொடுத்தேன். ஃபாஸ்டேக்கில் கழிந்து தடுப்பு தானாகத் திறந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ரசீதிலும் அதே சுங்கம் இருந்தது. கட்டணத்தில் சுங்கம் சேருமா என்பதைப் பதிவு செய்யும் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் யுபிஐயில் கொடுங்கள், சுவடாவது மிஞ்சும்.

அன்று இரவே மூன்றையும் ஒரே புகாராகக் கொட்டினேன். வந்த பதில், “அந்த நேரத்தில் தேவை அதிகமாக இருந்ததால் கட்டணம் கூடியது.” நான் கேட்காத ஒன்றுக்கு விளக்கம்! மறுநாள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புகார் எழுதினேன். காத்திருப்புக்கு 7.35, 7.42, 7.50 என்ற மூன்று நேரங்களையும் அழைப்புப் பதிவின் படத்தையும் மட்டும் வைத்தேன், கோபம் எதையும் எழுதவில்லை. இரண்டு மணி நேரத்தில் 37.80 திரும்பி வந்தது.

ரத்துக் கட்டணத்துக்கு மட்டும் அசையவே இல்லை. “திட்டம் மாறியதாக நீங்களே தெரிவித்திருக்கிறீர்கள்” என்பதே திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பட்டியலில் ‘ஓட்டுநர் ரத்து செய்யச் சொன்னார்’ என்ற தேர்வும் இருந்திருக்கிறது, கீழே, விரலால் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில். என்னைக் காப்பாற்றியது, 7.12க்குச் செயலியின் உரையாடல் பெட்டியில் நான் அனுப்பியிருந்த “வண்டி நகரவில்லையே, வருகிறீர்களா?” என்ற ஒற்றை வரி. அவர் பதிலே போடவில்லை. அந்தப் படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை நிறுவனத்துக்கு அனுப்பினேன். நான்காம் நாள் 50 ரூபாய் வந்தது, பணமாக அல்ல, அடுத்த பயணத்தில் மட்டும் கழித்துக்கொள்ளும் வரவாக. ஒரு மாதத்தில் காலாவதியாகுமாம்.

சுங்கப் பணம் போனது போனதுதான். ரொக்கத்துக்கு ஏது சாட்சி?

ஆனால் இப்போதும் நெஞ்சில் குத்துவது இந்த மூன்றுமே இல்லை. 7.05க்கு 442 ஆக இருந்தது 7.20க்கு 619 ஆனதே, அந்த 177 ரூபாய். வராத ஓட்டுநருக்காகக் காத்த கால் மணி நேரத்தின் விலை அது. ரசீதில் அது தனித் தொகையாக வருவதே கிடையாது, அதனால் அதைக் கேட்டுப் புகார் எழுத ஓர் இடமும் இல்லை. இப்போதெல்லாம் காரின் படம் மூன்று நிமிடம் நகரவில்லை என்றால் உரையாடல் பெட்டியில் ஒரு வரி எழுதுகிறேன், பதில் வராவிட்டால் பட்டியலின் கடைசி வரை தள்ளிச் சரியான காரணத்தைத் தேர்ந்து ரத்து செய்துவிடுகிறேன்.