ஜாஃபே வைவா: 30-வது நொடிக்கும் 90-வது நொடிக்கும் நடுவே

எம்.எஸ்சி. மருத்துவ உயிர்வேதியியல் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். மனது லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். பிராக்டிகலில் எனக்கு விழுந்தது சீரம் கிரியாட்டினின், கைனடிக் ஜாஃபே முறை. செய்முறை எல்லோருக்கும் தெரியும். மார்க் போவது அதற்குப் பிறகு வரும் வைவாவில்தான், அதுவும் குறுக்கீடு பற்றிய கேள்விகளில்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். குறுக்கிடும் பொருட்களின் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். கேள்வி வந்ததும் ஒரு தாளில் நேரம் கிடை அச்சு, அப்சார்பன்ஸ் செங்குத்து அச்சு என்று போட்டு, 30-வது நொடியிலும் 90-வது நொடியிலும் செங்குத்தாக இரண்டு கோடு இழுங்கள். கேட்ட பொருள் அந்த இரண்டு கோட்டுக்கு முன்பா, நடுவிலா, பின்பா வினை புரிகிறது என்று பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். பட்டியலை நன்றாக ஒப்பிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது வராது, படம் போட்டால்தான் வரும்.

1886-இல் மாக்ஸ் ஜாஃபே கண்ட வினை இது. காரக் கரைசலில் கிரியாட்டினின் பிக்ரேட்டோடு சேர்ந்து ஆரஞ்சுச் சிவப்பு நிறம் தருகிறது. சிக்கல் என்னவென்றால், பிக்ரேட் கிரியாட்டினினோடு மட்டும் நிற்பதில்லை. அசிட்டோஅசிட்டேட், பைருவேட், குளுக்கோஸ், அஸ்கார்பிக் அமிலம், புரதம், சில செஃபலோஸ்போரின்கள் என்று பலவற்றோடும் நிறம் கொடுக்கும். ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் கொடுப்பதில்லை. கைனடிக் முறை நம்பியிருப்பது அந்த வேக வித்தியாசத்தைத்தான்.

எங்கள் லேபில் செமி ஆட்டோ அனலைசர். பிக்ரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சம அளவில் கலந்த வொர்க்கிங் ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர், சீரம் 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரி, 505 நானோமீட்டர். சீரம் விட்டுக் கலந்த கணத்திலிருந்து நேரம் எண்ண வேண்டும். 30-வது நொடியில் A1, 90-வது நொடியில் A2. ஸ்டாண்டர்ட் 2 மி.கி. என்றால் கணக்கு இது:

```
(A2 - A1) Test / (A2 - A1) Std x 2
```

நான் பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், எண்கள் நானே வைத்தவை. நீரிழிவு கீட்டோஅசிடோசிஸ் நோயாளியின் சீரம். ரீஏஜென்ட் பிளாங்கைக் கழித்த பிறகு ஸ்டாண்டர்ட் A1 0.040, A2 0.100. நோயாளிக்கு A1 0.130, A2 0.166.

90-வது நொடி ரீடிங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 0.166-ஐ 0.100-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3.3 மி.கி. வருகிறது, கிட்னி போய்விட்டது என்று பயப்பட வேண்டிய எண். வித்தியாசத்தை எடுத்தால் 0.036-ஐ 0.060-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கி 1.2 மி.கி. ஒரே குவெட்தான், ஒரே சீரம்தான். இங்கே A1-ஐ உற்றுப் பாருங்கள். 1.2 மி.கி. உள்ள சீரத்துக்கு ஸ்டாண்டர்ட் கணக்கில் 30-வது நொடியில் 0.024 தான் வர வேண்டும், வந்திருப்பதோ 0.130. அந்த அதிகப்படி நிறத்தைக் கொண்டுவந்தது அசிட்டோஅசிட்டேட். அது முதல் 20 நொடியிலேயே பெரும்பகுதி வினை புரிந்துவிடுகிறது, அதனால் A1-இலும் A2-இலும் ஏறக்குறைய ஒரே அளவாக உட்கார்ந்து, கழிக்கும்போது போய்விடுகிறது.

இங்கேதான் தேர்வாளர் மேடம் என்னை நிறுத்தினார். “அப்போ கைனடிக் போட்டா கீட்டோன் பிரச்சினையே இல்லையாம்மா?” இருக்கிறது. கீட்டோன் மிக அதிகமாக இருந்தால் அதன் வினையின் வால் 30-வது நொடியைத் தாண்டி உள்ளே வரும், கிரியாட்டினின் கூடிக் காட்டும். யூரியா அந்த அளவுக்கு ஏறாமல் கிரியாட்டினின் மட்டும் துள்ளினால் சந்தேகப்பட வேண்டும். என்சைம் முறையில் ஒரு தடவை பார்க்கலாம், அல்லது கீட்டோன் இறங்கிய பிறகு மறுபடி பார்க்கலாம்.

அதே தாளில் மற்றவற்றை இப்படிக் குறியுங்கள்:

- புரதம்: மெதுவாக வருவது, 80 முதல் 100 நொடிக்குப் பிறகு வலு கூடும். ரீடிங் நேரத்தை நீட்டினால் இது உள்ளே புகும்.
- செஃபாக்சிட்டின்: 30-க்கும் 90-க்கும் நடுவே உள்ள ஜன்னலுக்கு உள்ளேயே வினை புரியும். நேரத்தை எப்படி மாற்றினாலும் தப்ப முடியாது. அடுத்த டோஸுக்கு முன் ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும்.
- பிலிருபின்: கோடு கீழே இறங்கும். இதைத் தனியாகப் படியுங்கள்.

பிலிருபினில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். மஞ்சள் சீரம் என்றால் நிறம் கூடும், ரிசல்ட்டும் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். காரத்தில் பிலிருபின் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிலிவெர்டினாக மாறுகிறது, 505-க்கு அருகே அதன் அப்சார்பன்ஸ் நொடிக்கு நொடி குறைகிறது. கிரியாட்டினினால் 60 நொடியில் 0.030 ஏற வேண்டிய இடத்தில் பிலிருபினால் 0.015 இறங்கினால் மிஞ்சுவது 0.015. மேலே சொன்ன ஸ்டாண்டர்டை வைத்தால் 1.0 மி.கி. இருக்க வேண்டியது 0.5 என்று வரும்.

இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பிழை. கூடுதலாக வந்த ரிசல்ட்டை யாராவது கேள்வி கேட்பார்கள், மறுபடி போடச் சொல்வார்கள். குறைவாக வந்ததை நார்மல் என்று பக்கம் திருப்பிவிடுவார்கள். கல்லீரல் நோயாளிக்கு தசை குறைந்திருப்பதால் கிரியாட்டினின் ஏற்கெனவே தாழ்வாகத்தான் இருக்கும், அதனால் இந்த 0.5 இயல்பாகவே தெரியும். தீர்வாக ரேட் பிளாங்க் என்று சொல்லுங்கள். முதலில் சீரத்தோடு காரத்தை மட்டும் சேர்த்து, இறங்கும் வேகத்தை அளந்துகொள்ள வேண்டும். பிறகு பிக்ரேட் சேர்த்து வரும் வேகத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். கழிப்பது மைனஸ் எண் என்பதால் விடை கூடும். வொர்க்கிங் ரீஏஜென்ட்டாகக் கலந்து வைத்த கிட்டில் இதைச் செய்ய முடியாது, காரமும் பிக்ரேட்டும் தனித்தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொன்னதும் மேடத்தோடு இருந்த இன்னொரு தேர்வாளர் சார் நிமிர்ந்து பார்த்தார்.

அப்புறம் 0.3 கேள்வி. சீரத்தில் புரதம் உண்டு, நீர்க்கரைசல் ஸ்டாண்டர்டில் கிடையாது. அதை ஈடுகட்ட சில ஆட்டோ அனலைசர்களில் ஜாஃபே ரிசல்ட்டிலிருந்து டெசிலிட்டருக்கு 0.3 மி.கி., அதாவது லிட்டருக்கு 26 மைக்ரோமோல், நிரந்தரமாகக் கழிக்கப்படுகிறது. பெரியவரின் புரத அளவை மனதில் வைத்துப் போட்ட எண் அது. பச்சிளங்குழந்தைக்குப் புரதமும் குறைவு, கிரியாட்டினினும் குறைவு, அங்கே 0.3 கழிப்பது அதிகம். குழந்தைகளுக்கு என்சைம் முறை கேட்கப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்சைம் முறை என்றதும் அங்கே குறுக்கீடே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்த கேள்வி அதுதான். கிரியாட்டினினேஸ், கிரியாட்டினேஸ், சார்கோசின் ஆக்சிடேஸ் என்று போய்க் கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடை பெராக்சிடேஸ் கொண்டு நிறமாக்குகிறோம். டோபமைன், டோபுடமைன் போன்றவை அந்தக் கடைசிப் படியில் கைவைத்து ரிசல்ட்டைக் குறைக்கும். ஐ.சி.யூ.வில் அந்த டிரிப் ஓடும் கையிலிருந்தே ரத்தம் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு வந்த கடைசிக் கேள்வி, “மஞ்சள் சீரம், ரேட் பிளாங்க் இல்லாத கிட், கிரியாட்டினின் 0.4. ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீங்க?” நான் எழுதிக் காட்டியது: “சீரம் மஞ்சளாக உள்ளது. பிலிருபின் குறுக்கீட்டால் கிரியாட்டினின் குறைவாகக் காட்டியிருக்கலாம். என்சைம் முறையில் உறுதிசெய்யவும்.” எண்ணை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், வார்டுக்கு போன் செய்தும் சொல்லுங்கள்.